உங்களுக்குத் தெரியுமா? வங்காளிக்குப் போன வாழ்த்து அட்டை!

31 சொற்கள். ஓர் அட்டை. ஒரு பேனா. அதற்குள் இத்தனை அதிசயங்களா என்று வாயைப் பிளக்கப் போகிறீர்கள்!

கொல்கத்தாவில் படிக்கிற தமிழ் மாணவி. பெயர் யாழினி என்று வைத்துக்கொள்வோம். கூடப் படிக்கிற வங்காளித் தோழி காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள். யாழினி எழுதியது இதுதான்:

“பிரியமுள்ள தோழி,
உனக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.
நீ இல்லாவிட்டால் அரட்டை களைகட்டாது.
பரீட்சையை நினைத்துக் கவலைப்படாதே.
நேரத்துக்கு மருந்து சாப்பிடு.
சீக்கிரம் குணமாகி எழுந்து வா.
நாளை உன்னைப் பார்க்க வருகிறேன்.
இப்படிக்கு,
உன் யாழினி.”

இதையே வங்காளத்தில் சொன்னால்? காதில் விழுகிறபடி தமிழில் எழுதித் தருகிறோம், உரக்கப் படியுங்கள்:

“ப்ரியோ பொந்து,
தோர் ஷொரீர் காராப் ஷுனே கூப் கொஷ்டோ ஹோலோ.
துய் நா தாக்லே அட்டா ஜொமே நா.
பொரீக்கா நியே சிந்தா கோரிஷ் நா.
ஷொமொய்மொதோ ஓஷுத் காஷ்.
தாடாதாடி ஷுஸ்தோ ஹொயே ஓட்.
கால் தோகே தேக்தே ஆஷ்போ.
இதி,
தோர் யாழினி.”

ஒன்றும் புரியவில்லையா? பொய்! இதில் எட்டுச் சொற்கள் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்!

ப்ரியோ என்றால் பிரியம். பொந்து என்றால் பந்து, ‘பந்துக்கள் வந்திருக்கிறார்கள்’ என்கிறோமே, அந்தப் பந்து. ஷொரீர் சரீரம். கொஷ்டோ கஷ்டம். பொரீக்கா பரீட்சை. சிந்தா சிந்தனை. ஷொமொய் சமயம். ஓஷுத் ஔஷதம். சமஸ்கிருதம் இரண்டு பக்கமும் கடன் கொடுத்திருக்கிறது. வட்டி மட்டும் வேறு வேறு!

ரகசியச் சாவி வேண்டுமா? ‘அ’ வந்தால் பெரும்பாலும் ‘ஒ’ ஆக்குங்கள். ‘ச’வும் ‘ஸ’வும் வந்தால் பல இடங்களில் ‘ஷ’ ஆக்குங்கள். ‘வ’ வந்தால் ‘ப’ ஆக்குங்கள். முடிந்தது, நீங்கள் பாதி வங்காளி! கமலா அங்கே கொமொலா. விவேக் அங்கே பிபேக்!

ஆனால் பொறுங்கள். தெரிந்த சொல்தான் காலை வாரும். நமக்குப் பந்து என்றால் உறவினர், அவர்களுக்கு நண்பர். நாம் சிந்தித்தால் அறிவாளி, அவர்கள் ‘சிந்தா’வில் இருந்தால் கவலையில் இருக்கிறார்கள்!

இதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று உண்டு. “அவசரம் இல்லை, நிதானமாகத் தேறி வா” என்று எழுத நினைக்கிறாள் யாழினி. ‘அவசரம்’ பார்ப்பதற்கு சமஸ்கிருதச் சொல்தானே, அப்படியே போட்டுவிடலாமே? போட்டால் தொலைந்தது! வங்காளத்தில் ‘ஒபொஷொர்’ என்றால் ஓய்வு நேரம். பணி ஓய்வுக்கும் அதே சொல்தான். “உனக்கு ஓய்வே கிடையாது” என்று நோயாளிக்கு எழுதியதாக முடியும். ஒரே சொல், நேர் எதிர்ப் பொருள்!

‘ரசம் வைத்து எடுத்து வருகிறேன்’ என்று சேர்த்தால் இன்னும் வேடிக்கை. நம் ரசம் மிளகும் புளியும். அவர்களுடைய ‘ரொஷ்’ சாறு, அதிலும் சர்க்கரைப் பாகு. ரசகுல்லாவின் முதல் பாதி அந்த ‘ரொஷ்’தான்! தோழி மிளகு ரசத்தை எதிர்பார்க்க மாட்டாள், இனிப்பைத்தான் எதிர்பார்ப்பாள்.

வங்காள வீடுகளில் காய்ச்சல்காரருக்கு என்ன கொடுப்பார்கள் தெரியுமா? மீன்! ஆமாம், மீனேதான்! ஷிங்கி என்கிற மீன், நம் ஊரில் தேளி என்பார்களே, அது. வாழைக்காயும் பப்பாளிக்காயும் போட்டுத் தண்ணீராக வைத்த குழம்பு. நமக்குக் கஞ்சி எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி. அந்தக் குழம்புக்குப் பெயர் ‘ஜோல்’, ‘ஜ’வில் மூச்சு ஊதிச் சொல்ல வேண்டும். ஊதாமல், வாயை அகலத் திறந்து ‘ஜொல்’ என்றால் வெறும் தண்ணீர்!

சுகமா என்று கேட்கிறோம். உடம்பு நலம்தான் நமக்குச் சுகம். வங்காளத்தில் ‘ஷுக்’ என்றால் மகிழ்ச்சி. ஆனால் முன்னால் ஓர் ‘ஒ’ போட்டு ‘ஒஷுக்’ என்று சொல்லிப் பாருங்கள். மகிழ்ச்சியின்மை என்று பொருள் வரும் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை, நோய்! ‘மகிழ்ச்சி இல்லை’ என்பதையே வியாதிக்குப் பெயராக வைத்த மொழி அது!

இப்போது அட்டையின் இதயம். ‘தாடாதாடி ஷுஸ்தோ ஹொயே ஓட்’ என்ற வரியைச் சொல் சொல்லாகப் பிரியுங்கள். தாடாதாடி: சீக்கிரம். ஷுஸ்தோ: குணம். ஹொயே: ஆகி. ஓட்: எழு. சீக்கிரம், குணம், ஆகி, எழு! ஒரு சொல்கூட இடம் மாறவில்லை!

நம்முடையது திராவிட மொழி. அவர்களுடையது இந்தோ ஆரியம். பூர்வீகத்தில் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனாலும் தமிழ் வரியின் மேல் வங்காள வரியை வைத்தால் அச்சு அசலாகப் பொருந்துகிறது! வினைச்சொல் கடைசியில். ‘கேட்டு’, ‘ஆகி’ என்கிற எச்சங்கள் நடுவில். ‘ஷுனே’ என்றால் ‘கேட்டு’, ‘தேக்தே’ என்றால் ‘பார்க்க’. வரிசையை எங்கேயும் கலைக்க வேண்டியதில்லை!

இதை உலகத்துக்கு உரக்கச் சொன்னவர் மரே எமனோ. 1956-இல் எழுதிய ஒரே கட்டுரையில், இந்திய மொழிகள் குடும்பம் வேறானாலும் அக்கம்பக்கத்தில் வாழ்ந்து வாழ்ந்து ஒரே சாயலுக்கு வந்துவிட்டன என்று காட்டினார். அவர் பாடம் கற்றது எங்கே தெரியுமா? நம் நீலகிரியில், தோடர்களிடம்!

அந்த ‘ஓட்’ சாதாரண ‘எழு’ இல்லை. கட்டிலைவிட்டு எழச் சொல்லவில்லை. ‘ஆகி’ என்ற எச்சத்தோடு ஒட்டிக்கொண்டு, படிப்படியாக மேலேறி வருவதைக் குறிக்கிறது. குழந்தை வளர்ந்து பெரியவனாவதையும் ‘பெரியவனாகி எழுவது’ என்றுதான் சொல்வார்கள். அதே எழுதல் வேறு வினையோடு சேர்ந்தால் திடீரென்று வெடிக்கும். ‘சிரித்து எழுந்தாள்’ என்றால் குபீரென்று சிரித்தாள். ‘அழுது எழுந்தாள்’ என்றால் ஓவென்று அழுதாள். ஒரே துணைவினை, இரண்டு வேகம்!

‘தாடாதாடி’யில் வரும் ‘டா’ எங்கிருந்து வந்தது? அது நம் ‘பாடு’, ‘ஆடு’வில் நாக்கு மடங்கித் தட்டுகிற ஒலிக்குப் பக்கத்து வீடு. ‘ர’வும் இல்லை, முழு ‘ட’வும் இல்லை. வெளிநாட்டார் இந்த ஒலிக்குத் திணறுவார்கள். தமிழ்க்காரி முதல் தடவையிலேயே சொல்லிவிடுவாள்!

சரி, ‘நீ’க்கு வருவோம். தமிழில் நீ, நீங்கள். இரண்டு போதும். வங்காளத்தில் மூன்று! துய், துமி, ஆப்னி. ஆப்னி ஆசிரியருக்கு, டாக்டருக்கு, முன்பின் தெரியாதவருக்கு. துமி பழகியவருக்கு. துய் மிக நெருங்கிய தோழமைக்கு, தம்பி தங்கைக்கு. முன்பின் தெரியாதவரிடம் ‘துய்’ சொன்னால் அது சண்டைக்கு அழைப்பு!

ஆனால் பாருங்கள், அதே ‘துய்’யைக் கடவுளிடம் சொல்லலாம்! 18-ஆம் நூற்றாண்டில் ராமப்ரசாத் சேன் காளியைப் பார்த்துப் பாடினாரே, அவர் தாயைத் ‘துய்’ என்றே அழைத்தார். திட்டினார், கோபித்துக்கொண்டார், துய் துய் என்று உரிமை கொண்டாடினார். நாம் முருகனை ‘நீ’ என்பதில்லையா, அதேதான்!

யாழினி எதைத் தேர்ந்தாள்? துய்! ஏனென்றால் தோழி முதலில் அவளைத் ‘துய்’ என்று அழைக்க ஆரம்பித்துவிட்டாள். இதுதான் நடைமுறை. எதிராளி உங்களை எப்படி அழைக்கிறாரோ அதுவே உங்களுக்கான பச்சை விளக்கு. ஒரே வகுப்பு, ஒரே வயது, ஆனால் இன்னும் ‘துமி’யிலேயே நிற்கிறீர்கள் என்றால், அட்டையில் திடீரென்று ‘துய்’க்குத் தாவாதீர்கள். ‘துமி’யில் எழுதினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்!

துய்யைத் துமி ஆக்கினால் ஒரு சொல்தானே மாறும் என்கிறீர்களா? எண்ணிப் பாருங்கள். தோர், தொமார் ஆகும். துய், துமி ஆகும். கோரிஷ், கோரோ ஆகும். காஷ், கேயோ ஆகும். ஓட், ஓட்டோ ஆகும். தோகே, தொமாகே ஆகும். கடைசித் தோரும் தொமார் ஆகும். 34 சொல் அட்டையில் 7 இடங்கள்! ஒன்றை மறந்தாலும் பாதி அட்டை தோளில் கை போடும், மீதி அட்டை கைகுலுக்கும். வங்காளி ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்!

அந்த அட்டையே பேராசிரியருக்குப் போனால்? ‘ஓட்’ இருந்த இடத்தில் ‘உட்டுன்’. ‘நீ இல்லாவிட்டால் அரட்டை களைகட்டாது’ என்ற வரியை அடியோடு வெட்டிவிட வேண்டியதுதான்!

இன்னொன்று. ‘சாப்பிடு’ என்று தமிழில் ஒரே ஏவல். இப்போது சாப்பிடு, ராத்திரி சாப்பிடு, எல்லாம் ஒன்றே. வங்காளத்தில் இரண்டு ஏவல்கள்! இந்த நிமிஷமே செய் என்றால் ஒன்று, பிறகு செய் என்றால் வேறொன்று. தட்டை எதிரில் வைத்துவிட்டு ‘கா’ என்பார்கள். ‘வேளாவேளைக்கு மருந்து சாப்பிடு’ என்றால் ‘காஷ்’. அட்டையை எழுதுகிறபோது மாத்திரை வேளை இன்னும் வரவில்லையே, அதனால்தான் அங்கே ‘காஷ்’. குணமாவது மட்டும் இப்போதே தொடங்கட்டும் என்று ‘ஓட்’!

‘செய்யாதே’ என்று சொல்ல மட்டும் பிறகு-ஏவல்தான் வரும். இந்த நொடி கவலைப்படாதே என்றாலும் அதேதான். ‘சிந்தா கோரிஷ் நா.’ தமிழ்போலவே மறுப்பு கடைசியில்! இந்தியில் வினைக்கு முன்னால் வந்து நிற்கிற மறுப்பு, வங்காளத்தில் வாலாகிவிட்டது.

‘துமி’யில் எழுதுபவர்களுக்கு இங்கே ஒரு கண்ணிவெடி! ‘கோரோ நா’ என்றால் ‘செய்யாதே’. அதே சொல்லில் முதல் எழுத்தின் ஓகாரக் குறியை விட்டுவிட்டு, வாயைக் கொஞ்சம் அகலமாகத் திறந்து ‘கொரோ நா’ என்றால் ‘நீ செய்வதில்லை’. ‘பரீட்சையை நினைத்துக் கவலைப்படாதே’ என்ற ஆறுதல், ‘பரீட்சையைப் பற்றி உனக்குக் கவலையே கிடையாது’ என்ற குற்றச்சாட்டாக மாறிவிடும்! வங்காளிகளே அவசரத்தில் இந்தக் குறியை விட்டுவிடுவது உண்டு. அவர்கள் எழுதினால் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். அந்நியர் எழுதினால் சிரிப்பார்கள்! ‘துய்’யில் எழுதினால் விட்டுவிடக் குறியே இல்லை, ‘கோரிஷ் நா’ என்ற ஒரே வடிவம் ‘செய்யாதே’, ‘நீ செய்வதில்லை’ இரண்டுக்கும் வரும், இடம் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

இதையும் மிஞ்சும் ஒன்று இருக்கிறது. ‘ஏஷோ நா!’ இதற்கு என்ன அர்த்தம்? ‘வராதே.’ சரி. ஆனால் குரலை இழுத்துக் கெஞ்சலாகச் சொன்னால்? ‘வாயேன்!’ ஆமாம், அதே இரண்டு சொற்கள்! வா என்பதற்கும் வராதே என்பதற்கும் குரல்தான் வித்தியாசம். அட்டையில் குரலை எங்கே எழுதுவது? அதனால் அட்டையில் ‘ஏஷோ நா’வைத் தொடவே தொடாதீர்கள்!

மருந்துக்குத் திரும்புவோம். ‘ஓஷுத் காஷ்’ என்ற அந்தக் ‘கா’வை மூச்சை வெளியே தள்ளிச் சொல்ல வேண்டும். தமிழில் ஒரே ‘க’. வங்காளத்தில் அந்த இடத்தில் நான்கு எழுத்துகள்! மூச்சு விடாமல் மென்மையாக ‘காஷ்’ என்று சொன்னால் என்ன ஆகும்? ‘இருமு!’ நிஜமாகவே! ‘மருந்து சாப்பிடு’ என்று சொல்லப் போய், ‘மருந்து, இருமு!’ என்று கட்டளை இட்டுவிடுவீர்கள். ஆஸ்பத்திரியில் அது அவ்வளவு பொருத்தமில்லாததும் இல்லை என்பது வேறு விஷயம்!

சோதனை வேண்டுமா? உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள். காற்று கையில் பட்டால் மருந்து. படாவிட்டால் இருமல்!

வங்காளிகள் எதையெல்லாம் ‘சாப்பிடுவார்கள்’ தெரியுமா? சோறு சாப்பிடுவார்கள், மருந்து சாப்பிடுவார்கள், தண்ணீர் சாப்பிடுவார்கள், சிகரெட் சாப்பிடுவார்கள். முத்தத்தைக்கூடச் சாப்பிடுவார்கள்! குடிக்க, புகைக்க என்று தனித்தனியாக வினை தேடி யாழினி அலைய வேண்டியதே இல்லை. ‘காபி சாப்பிடுறீங்களா?’ என்று கேட்கிற நமக்கு இதில் என்ன ஆச்சரியம்!

அந்தத் தண்ணீரின் பெயரும் ஊருக்கு ஊர் மாறும். கொல்கத்தாவில் ‘ஜொல்’. வங்கதேசத்தில் பெரும்பாலோர் ‘பானி’ என்பார்கள். தோழி டாக்காக்காரியா, கொல்கத்தாக்காரியா என்று இந்த ஒரு சொல்லை வைத்தே ஊகித்துவிடலாம்!

அரட்டைக்கு வங்காளத்தில் ‘அட்டா’. அந்த ஊரின் தேசியப் பொழுதுபோக்கு அது! கல்லூரித் தெருவில் இருக்கிற காபி ஹவுஸ் புகழ்பெற்றதே அட்டாவால்தான். அட்டா ‘ஜொமே’ என்றால் உறையும், கெட்டிப்படும். பால் தயிராக உறைவதற்கும் அதே சொல். நம் அரட்டை களைகட்டுகிறது, அவர்கள் அரட்டை உறைகிறது! ‘துய் நா தாக்லே அட்டா ஜொமே நா’ என்ற வரியைச் சோற்றுக்குள் வைத்த மாங்காய் என்பேன். மற்ற வரிகளை யார் வேண்டுமானாலும் எழுதலாம். இந்த ஒரு வரிதான், எழுதியவள் வங்காளிகளோடு உட்கார்ந்து பேசியவள் என்று காட்டிக்கொடுக்கும்!

இந்த வரியை விட்டுவிட்டு அகராதியைத் திறந்தால் என்ன கிடைக்கும்? ‘த்ருதோ ஆரோக்யோ காமொனா கொரி.’ விரைந்த ஆரோக்கியம் விழைகிறேன் என்று பொருள். தப்பே இல்லை! ஆனால் இது அமைச்சர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் பத்திரிகையில் வரும் வாசகம். வகுப்புத் தோழிக்கு அனுப்பினால் அவள் தன் உடல்நிலை அவ்வளவு மோசமா என்று பயந்துவிடுவாள்!

அதிலிருக்கிற ‘காமொனா’வைக் கண்டு திடுக்கிட்டீர்களா? நம் காமத்துக்கு ரத்த உறவுதான். ஆனால் வங்காளத்தில் நல்லதை விரும்பி வாழ்த்துவதற்கும் அதே ‘காமொனா’. வாழ்த்து அட்டையில் வந்தால் முகம் சிவக்க ஒன்றுமில்லை!

‘பொந்து’வில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. தோழி என்றே தனியாகச் சொல்ல ‘பாந்தொபி’ இருக்கிறது. ஆனால் எழுதுவது ஒரு பையன் என்றால் உஷார்! ‘பாந்தொபி’ காதலி என்ற பக்கமும் சாயும். அட்டையைத் தோழியின் அம்மா முதலில் படித்தால்? ‘பொந்து’ என்று போட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம்!

அவன் வந்தான், அவள் வந்தாள் என்று தமிழில் வினையே ஆளைக் காட்டிக்கொடுக்கும். வங்காளத்தில் இரண்டுக்கும் ஒரே வினை. ‘அவன்’, ‘அவள்’ என்பதற்கும் ஒரே சொல்! வங்காளக் கடிதத்தில் வருகிற மூன்றாம் ஆள் ஆணா பெண்ணா என்பதைப் பெயரை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்!

இன்னும் கேளுங்கள். ‘கால் தோகே தேக்தே ஆஷ்போ.’ நாளை உன்னைப் பார்க்க வருகிறேன். ஒருத்தி வருகிறாளா, வகுப்பே திரண்டு வருகிறதா? வினை சொல்லாது! நான் வருவதற்கும் நாங்கள் வருவதற்கும் ‘ஆஷ்போ’தான். அட்டையில் 40 பேர் கையெழுத்துப் போட்டாலும் அந்த வரியில் ஓர் எழுத்தும் மாறாது. நர்ஸ் அம்மாதான் பாவம்!

அந்தக் ‘கால்’ இருக்கிறதே, அது நாளையும்தான், நேற்றும்தான்! இரண்டுக்கும் ஒரே சொல். ‘பொர்ஷு’வும் அப்படியே, நாளை மறுநாளும் அதுதான், முந்தாநாளும் அதுதான். குழப்பமே வராது. ‘ஆஷ்போ’ என்ற எதிர்கால வினை பின்னாலேயே வந்து நாளைதான் என்று கட்டிப்போட்டுவிடும். வினையில்லாமல் ‘கால்’ என்று மட்டும் துண்டுச் சீட்டில் எழுதி வைத்தால்தான் ஆபத்து!

தேதி விவகாரம் இன்னும் பயங்கரம். ‘பரீட்சை வைகாசிக்குத் தள்ளிப்போய்விட்டது’ என்று நல்ல செய்தி சொல்ல நினைக்கிறாள் யாழினி. வைகாசி என்றால் பொய்ஷாக், சரிதானே? சரியில்லை! பொய்ஷாக் வங்காளிகளின் முதல் மாதம். ஏப்ரல் நடுவில், நமக்குச் சித்திரை பிறக்கும்போதுதான் அவர்களுக்குப் பொய்ஷாக் பிறக்கிறது. நம் வைகாசி அவர்களுக்கு ஜொய்ஷ்டோ. அவர்களுடைய சொய்த்ரோ நமக்குப் பங்குனி. பெயர் ஒன்று, மாதம் வேறு. பெயரை நம்பி மொழிபெயர்த்தால் பரீட்சை ஒரு மாதம் முன்னால் வந்து நிற்கும்! தள்ளிப்போன பரீட்சையை முன்னுக்கு இழுத்துக் காய்ச்சல்காரியிடம் நீட்டுவதா? ‘ஜூன்’ என்று எழுதிவிட்டால் தீர்ந்தது.

இரண்டு புத்தாண்டும் ஒட்டி ஒட்டியே வருகின்றன. நமக்கு ஏப்ரல் 14, மேற்கு வங்கத்தில் பெரும்பாலும் ஏப்ரல் 15. ஆண்டு எண்தான் தலைசுற்றும். 2025 ஏப்ரலில் அவர்களுக்குப் பிறந்தது 1432!

எழுத்துக்கு வருவோம். வங்காள எழுத்துகள் மேல்கோட்டில் தொங்குகின்றன, நமக்கு அந்தக் கோடே இல்லை. ஒற்றுமையே இருக்காது என்று நினைப்பீர்கள். ‘கொ’ எழுதிப் பாருங்கள். முன்னால் ஒரு கொம்பு, நடுவில் க, பின்னால் ஒரு கால். வங்காளத்திலும் அப்படியே! உயிர்க்குறி மெய்யின் இரண்டு பக்கமும் நின்று அணைக்கும். ‘கெ’க்குக் கொம்பு முன்னால் வருவதும் அப்படியே. இந்தியில் இந்த அணைப்பு கிடையாது. வங்காளத்துக்கும் நமக்கும் உண்டு!

கைபேசியில் தட்டினால் இன்னோர் அதிசயம். யூனிகோடில் தமிழ் ‘க’வின் எண் U+0B95. வங்காளக் ‘க’வின் எண் U+0995. கடைசி இரண்டு இலக்கங்களைப் பாருங்கள்! இரண்டுக்கும் இடையே சரியாக 512 எண்கள். ‘த’வுக்கும் 512. ‘ம’வுக்கும் 512. பழைய இந்தியக் கணினிக் குறியீட்டில் எல்லா மொழிகளுக்கும் ஒரே வரிசை வைத்ததன் புண்ணியம்!

கடைசியில் கையெழுத்து. யாழினி தன் பெயரை எப்படி எழுதுவாள்? ‘ய’வுக்கு நேரான வங்காள எழுத்து இருக்கிறது. போட்டால் என்ன படிப்பார்கள்? ஜா! சொல்லின் முதலில் அந்த எழுத்துக்கு ‘ஜ’ ஒலிதான். ‘யா’ வேண்டுமென்றால் முன்னால் ஓர் இகரத்தைச் சேர்த்து ‘இயா’ என்று எழுத வேண்டும். ‘ழ’வுக்கோ எழுத்தே கிடையாது! ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்து எழுதினால் மூச்சு ஊதிய ‘ஜ’வாகி ‘இயாஜினி’ ஆகிவிடும். ‘ல’ போட்டு ‘இயாலினி’ என்றால் காதுக்குப் பழுதில்லை. ‘தாடாதாடி’யில் வந்த அந்த எழுத்தைப் போட்டாலும் நாக்கு ஏறக்குறைய சரியான இடத்தில் போய்த் தட்டும். என்னைக் கேட்டால் பெயரை மட்டும் தமிழிலேயே எழுதிவிடலாம். தோழிக்குத் தெரியாதா என்ன!

வங்காளிகளுக்கே பெயர் இரண்டு! பள்ளிப் பதிவேட்டுக்குப் ‘பாலோ நாம்’, வீட்டுக்கு ‘டாக் நாம்’. சத்யஜித் ராயை வீட்டில் மாணிக் என்பார்கள். ரவீந்திரநாத் தாகூர், ரொபி. கிரிக்கெட் வீரர் கங்குலி, மகாராஜ்! ஆஸ்பத்திரி வரவேற்பில் டாக் நாமைச் சொல்லித் தேடினால் அப்படி ஒருவர் இல்லவே இல்லை என்று அனுப்பிவிடுவார்கள். உறையின் மேல் பாலோ நாம், உள்ளே டாக் நாம்!

பெயருக்கு முன்னால் ‘இதி’. கடிதம் முடிகிற இடத்தில் வங்காளிகள் எழுதும் இந்தச் சொல்லுக்கு ‘இப்படி’ என்று பொருள். நாம் எழுதுவது என்ன? ‘இப்படிக்கு!’ ஒருவரைப் பார்த்து ஒருவர் காப்பியடித்தோமா என்ன!

‘போகிறேன்’ என்று நாம் சொல்லுவோமா? அதுவும் நோயாளியின் கட்டிலருகே? ‘போயிட்டு வர்றேன்’தான். வங்காளியும் ‘ஜாய்’, அதாவது போகிறேன் என்று சொல்ல மாட்டார். ‘ஆஷி’ என்பார். அதற்கு என்ன பொருள்? வருகிறேன்! கிளம்பும்போது இதைச் சொல்லிப் பாருங்கள், தோழியின் அம்மா உங்களுக்கும் ஒரு டாக் நாம் வைத்துவிடுவார்!

அட்டை தயார். உறையில் படுக்கை எண் எழுத வேண்டும். எண்ணையும் வங்காளத்திலேயே எழுதி அசத்தலாம் என்று ஆசை வருகிறதா? வங்காளத்தின் 4 பார்ப்பதற்கு அச்சு அசல் நம் 8 மாதிரி இருக்கும். அவர்களுடைய 7 கிட்டத்தட்ட நம் 9. தோழி படுத்திருப்பது 47-ஆம் படுக்கை. வெளியூரிலிருந்து வந்த நர்ஸ் அட்டையைக் கொண்டுபோய்க் கொடுக்கப்போவது 89-ஆம் படுக்கையில்!